அதிகாலை பக்தி நிகழ்ச்சிகளும் விழா நாள் நேரலைகளும்: தமிழ்ச் சேனல்களில் நேரம் குறிப்பது எப்படி?

பக்தி நிகழ்ச்சி எல்லாமே விடியறதுக்குள்ள முடிஞ்சிடுது. எட்டு மணிக்குப் போட்டா நாங்களும் பார்ப்போமே, ஏன் போட மாட்டேங்கறாங்க?

ஐந்தரை மணிக்கு டிவி போடுகிறவர்கள் வேறு, எட்டு மணிக்குப் போடுகிறவர்கள் வேறு. விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, குளித்து விளக்கேற்றுகிற வீட்டில் டிவி ஓடுவது பார்ப்பதற்காக என்பதைவிடக் காதில் விழுவதற்காகத்தான். அதனால் முதல் அரைமணி பெரும்பாலும் மங்கல இசை, சுப்ரபாதம், கவசம், பாமாலை என்று போகும். கோயில் வரலாறு, உபன்யாசம் மாதிரி கொஞ்சம் உட்கார்ந்து கவனிக்க வேண்டியவை அதற்கப்புறம் வரும். ஏழு மணி நெருங்கினால் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்புகிற அவசரம் வந்துவிடும், அப்போது வீட்டுக்குத் தேவைப்படுவது ராசிபலன், செய்தி, வானிலை. எட்டு மணிக்கு மேல் விளம்பரக் கட்டணமும் ஏறிவிடும், அந்த நேரத்தைச் சேனலின் விற்பனைப் பிரிவு பக்திக்கு விட்டுக்கொடுக்காது.

இன்னொரு பக்கம், அதிகாலை விளம்பரக் கட்டணம் குறைவாக இருப்பதால் அந்த நேரத்துக்குச் செலவு செய்து படம்பிடிக்கவும் முடியாது. ஏற்கெனவே எடுத்து வைத்ததை வைத்தே ஓட்ட வேண்டும். பக்தி நிகழ்ச்சிகளின் தோற்றம், நீளம், மறு ஒளிபரப்பு எல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் வருகின்றன.

இதெல்லாம் பொழுதுபோக்குச் சேனல்களுக்கு. ஸ்ரீ சங்கரா, திருமலையின் எஸ்.வி.பி.சி மாதிரி பக்திக்கென்றே இருக்கும் சேனல்கள் கோயிலின் நித்திய பூஜையை ஒட்டியே நாளைத் தொடங்குகின்றன, அங்கே கணக்கே வேறு.

போன வருஷம் காட்டின அதே கோயிலையே திரும்பக் காட்டறாங்க. ஒவ்வொரு நாளும் புதுசா எடுக்க மாட்டாங்களா?

எடுப்பார்கள், ஆனால் தினமும் இல்லை. ஒரு குழு ஒரு வட்டாரத்துக்குப் போனால், கும்பகோணம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து கோயில்களை ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டு வந்துவிடும். அந்தப் பகுதிகள் இருப்பில் சேரும். அட்டவணை போடுகிறவர் அதிலிருந்து கிழமைக்குப் பொருத்தமானதை எடுப்பார்: திங்கள் சிவன், செவ்வாய் முருகன், வியாழன் குரு அல்லது சாய்பாபா, வெள்ளி அம்மன், சனி பெருமாள் அல்லது ஆஞ்சநேயர். ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 52 செவ்வாய் வரும், அத்தனைக்கும் புதிய முருகன் கோயில் கிடைக்காது, சுழற்சி வரத்தான் செய்யும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நன்றாக எடுத்த பகுதியில் தொகுப்பாளர் ‘இன்று’, ‘நாளை’, ‘இந்த வாரம் நடக்கவிருக்கும் குடமுழுக்கு’ என்றெல்லாம் பேசமாட்டார். பேசினால் அந்தப் பகுதியை மறுபடி போட முடியாது. குடமுழுக்கு முடிந்து இரண்டு வருஷம் ஆன கோயிலைப் பற்றி ‘விரைவில் குடமுழுக்கு’ என்று ஒரு காலையில் கேட்டால், பழைய பகுதியை யாரும் ஓட்டிப் பார்க்காமல் அட்டவணையில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். என்னைப் பொறுத்தவரை இது மன்னிக்கக்கூடிய தவறு இல்லை, அதை நம்பிப் பஸ் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மார்கழியில தினம் ஒரு திருப்பாவைப் பாட்டு சொல்றாங்க. சில வருஷம் கடைசி நாள்ல ரெண்டு பாட்டைச் சேர்த்துச் சொல்லிடறாங்களே, ஏன்?

பாட்டு 30, மார்கழி பெரும்பாலான வருஷங்களில் 29 நாள்தான், அதனால்தான். சூரியன் தனுசு ராசியைக் கடக்க 29 நாளும் சில மணி நேரமும் ஆகும். அந்தச் சில மணி நேரம் சேர்ந்து சேர்ந்து சில வருஷம் மாதத்தை 30 நாளாக்கிவிடும். 2024 டிசம்பர் 16-ல் தொடங்கிய மார்கழிக்கு 29 நாள், 2025 ஜனவரி 14 பொங்கல். அடுத்த வருஷம் அதே டிசம்பர் 16-ல்தான் தொடங்கியது, ஆனால் பொங்கல் 2026 ஜனவரி 15-ல் வந்ததால் 30 நாள் கிடைத்தது.

உபன்யாசம் முன்கூட்டியே பதிவு செய்யப்படுவது, 30 பகுதியும் தனித்தனியாகக் கையில் இருக்கும். 29 நாள் வருஷத்தில் ‘சிற்றஞ் சிறுகாலே’, ‘வங்கக் கடல் கடைந்த’ இரண்டையும் கடைசி நாளில் அடுத்தடுத்துப் போட்டால் நேரம் இரட்டிப்பாகும், அந்த நாளோ போகி. சேனல் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு மாறுகிற நாள், கூடுதல் நேரம் கேட்டால் கிடைக்காது. எனவே விவரம் தெரிந்த தயாரிப்பாளர் பதிவின்போதே கடைசி இரண்டு பாட்டுக்கும் சேர்த்து ஒரு சுருக்கமான பகுதியையும் எடுத்து வைத்துக்கொள்வார். அப்படி எடுத்து வைக்காத வருஷத்தில்தான் வங்கக் கடலின் விளக்கம் பாதியில் வெட்டுப்பட்டு விளம்பரம் வரும்.

சிவன் பக்கமும் இதே கணக்குத்தான். திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, கூட்டினால் 30.

கூடாரவல்லி அன்னைக்கு மட்டும் நிகழ்ச்சி பெரிசா இருக்கே?

27-ஆம் பாட்டு, மார்கழி 27. அக்காரவடிசல் செய்கிற நாள், நெய் விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான காலை கிடைக்காது. விளம்பரதாரர் வந்தால் நேரம் நீளும்.

ஒரே விழாவை ஒரு சேனல் இன்னைக்கும் இன்னொரு சேனல் வேற நாளும் காட்டுது. யாரை நம்பறது?

கோயிலை நம்புங்கள். சேனலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்க மரபுகள் புழக்கத்தில் இருக்கின்றன. பல நாட்களில் இரண்டும் ஒத்துப்போகும், கிரகப் பெயர்ச்சியில் பெரிய வித்தியாசம் வந்துவிடும். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினோரு மாத இடைவெளி! திருநள்ளாறு வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே விழா டிசம்பரில்தான் நடந்தது. அடுத்த பெயர்ச்சிக்கும் அதே கதை, திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. ஸ்டுடியோவில் பலன் சொல்லும் ஜோதிடர் திருக்கணிதக்காரராக இருந்து, அவர் சொன்ன தேதிக்குச் சேனல் ‘திருநள்ளாறு நேரலை’ என்று ப்ரோமோ ஓட்டினால், அங்கே அன்றைக்கு விழாவே இருக்காது.

வைகுண்ட ஏகாதசி இன்னும் சிக்கல். 2023-ல் அது இரண்டு முறை வந்தது, ஜனவரி 2 மற்றும் டிசம்பர் 23. 2024-ல் வரவே இல்லை. 2025-ல் மறுபடி இரண்டு முறை, ஜனவரி 10, டிசம்பர் 30. ஆங்கில வருஷத்துக்கு ஒன்று என்று எக்செலில் வரிசை போட்டு வைத்திருப்பவர் இங்கே தடுமாறிப்போவார். அப்புறம் 2021-ல் ஸ்ரீரங்கம் மட்டும் டிசம்பர் 14-லேயே, கார்த்திகை மாதத்திலேயே, கொண்டாடிவிட்டது. தைத் தேர்த் திருவிழாவோடு மோதும் என்பதால் 19 வருஷத்துக்கு ஒருமுறை அங்கே அப்படி மாற்றிக்கொள்வது வழக்கம். மற்ற பெருமாள் கோயில்களில் 2022 ஜனவரி 13. அந்த முறை ஒரே விழாவுக்கு ஒரு மாத இடைவெளியில் இரண்டு நேரலை ஏற்பாடு தேவைப்பட்டது.

அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தேதியைப் பென்சிலில் குறிக்கலாம், கோயில் வெளியிடும் விழாப் பத்திரிகை கைக்கு வந்த பிறகுதான் பேனாவால் எழுத வேண்டும்.

சொர்க்கவாசல் திறப்பு நேரலைக்கு என்னென்ன ஏற்பாடு நடக்கும்? ஒரு தடவை முழுசாச் சொல்லுங்களேன்.

ஸ்ரீரங்கம், 2025 ஜனவரி 10-ஐ எடுத்துக்கொள்வோம். பரமபத வாசல் திறப்பு அதிகாலை 5.15 மணி. இந்த நேரம் வருஷத்துக்கு வருஷம் மாறும், 2023 டிசம்பரில் 4 மணிக்கே திறந்தார்கள். எனவே போன வருஷத்து அட்டவணையை அப்படியே எடுத்துப் போட முடியாது.

முதலில் கோயில் இணை ஆணையர் அலுவலகத்துக்குக் கடிதம். கேட்பது அனுமதியை மட்டும் இல்லை, எத்தனை கேமரா, எங்கெங்கே, எத்தனை பேருக்கு அனுமதிச் சீட்டு என்பதையும்தான். மூலஸ்தானத்துக்குள் கேமரா கிடையாது என்பதால் வெளியே வரும் இடத்திலிருந்துதான் படம் தொடங்கும். வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடத்துக்குத்தான் போட்டி, அது ஒருவருக்குக் கிடைத்தால் மற்றவர்கள் பக்கவாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். செய்திச் சேனலாக இல்லாவிட்டால், 2022 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிப்படி நேரலையை ஒளிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். முன்பு இதற்கு அனுமதியே வாங்க வேண்டியிருந்தது, இப்போது பதிவு போதும்.

அடுத்தது அட்டவணை. சேனல்களில் எஃப்.பி.சி என்று சொல்லும் அன்றாட நிகழ்ச்சிப் பட்டியலில் 4 மணியிலிருந்து 6.30 வரை காலி செய்வார்கள். வாசல் திறப்பதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே நம்பெருமாள் ரத்னாங்கி சாத்திக்கொண்டு மூலஸ்தானத்திலிருந்து புறப்பட்டுவிடுவார். இந்த ஒரு மணி நேரம்தான் கடினம். திரையில் கூட்டமும் தீவட்டியும் குடையும் மட்டும் இருக்கும், நம்பெருமாள் பாதி நேரம் கண்ணில் படமாட்டார். இங்கே வர்ணனையாளர் கையில்தான் நிகழ்ச்சி இருக்கிறது. பகல்பத்தின் கடைசி நாள் மோகினி அலங்காரம் நேற்று நடந்தது, இன்றிலிருந்து இராப்பத்து, திருவாய்மொழி ஏன் ஓதப்படுகிறது, விரஜா நதி மண்டபத்தில் ஏன் நிற்கிறார் என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். தெரியாதவர் உட்கார்ந்தால் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்பதையே ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிச் சொல்வார், நாமும் சத்தத்தைக் குறைத்துவிடுவோம்.

விளம்பரத்தையும் அந்த ஒரு மணி நேரத்தின் முதல் பாதியிலேயே போட்டு முடித்துவிட வேண்டும். 5 மணிக்கு மேல் பிரேக் கிடையாது என்பது எழுதி வைக்க வேண்டிய விதி. வாசல் திறந்து ‘ரெங்கா ரெங்கா’ கோஷம் எழும்பும்போது வர்ணனையாளரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் வீட்டில் எல்லாரும் விழித்திருக்கிறார்கள்.

6 மணிக்கு என்ன? நம்பெருமாள் திருமாமணி மண்டபத்துக்கு எழுந்தருள்வதைக் காட்டலாம், அல்லது முடித்துக்கொள்ளலாம். விவரமான அட்டவணையில் 6 மணிக்கு அப்புறம் இருப்பிலிருந்து ஒரு அரைமணிக் கோயில் பகுதியை வைத்திருப்பார்கள். வாசல் திறப்பு கால்மணி தாமதமானால் அந்தப் பகுதி பலியாகும், நஷ்டம் யாருக்கும் இல்லை. அந்த இடத்தில் விளம்பரதாரர் காசு கொடுத்த நிகழ்ச்சி நின்றால் சிக்கல். குறித்த நேரத்தில் அதைத் தொடங்கியாக வேண்டும், நேரலை பாதியில் அறுபடும்.

சரியா முக்கியமான நேரத்துல விளம்பரம் போட்டுடறாங்களே, இதுக்கு விதியே இல்லையா?

அளவுக்கு விதி இருக்கிறது, இடத்துக்கு இல்லை. கேபிள் டிவி விதிகள் 1994-ன்படி மணிக்கு 12 நிமிடம்தான்: 10 நிமிடம் விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த ப்ரோமோ. அந்த 12 நிமிடத்தை எங்கே வைப்பது என்பது சேனலின் இஷ்டம். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இப்படி நடப்பதில்லை. நிகழ்ச்சியை ஒளிபரப்பி அனுப்பும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்து பிரேக் போடுவார், கோயிலில் நடப்பது கடிகாரத்தைப் பார்த்து நடக்காது. களத்திலிருந்து ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் போனில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாத சேனலை ஒரே நேரலையில் கண்டுபிடித்துவிடலாம்.

மீனாட்சி திருக்கல்யாணத்தில் இது ரொம்ப முக்கியம். 2025 மே 8 முகூர்த்தம் காலை 8.35 முதல் 8.59 வரை. அம்மனுக்கு மங்கல நாண் ஏறும் அதே கணத்தில் வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் ஏராளம். மஞ்சள் தடவிய புதுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்திருப்பவருக்கு அந்த நொடியில் சோப்பு விளம்பரம் வந்தால் என்ன செய்வார்? செயற்கைக்கோள் வழியாக வரும் படம் சில நொடி பிந்துவதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. யூடியூப் நேரலை அதைவிட அதிகமாகப் பிந்தும் என்பதால், முகூர்த்த நேரத்துக்கு டிவியையே வைத்துக்கொள்வது நல்லது.

திருவண்ணாமலை தீபத்தன்னைக்குக் காலையிலயும் காட்டறாங்க, சாயந்தரமும் காட்டறாங்க. நடுவுல என்ன பண்ணுவாங்க?

காலை 4 மணிக்குப் பரணி தீபம், மாலை 6 மணிக்கு மகா தீபம். நடுவே 14 மணி நேரம். கேமராவை எடுக்க மாட்டார்கள், எடுத்தால் மறுபடி அந்தக் கூட்டத்துக்குள் வந்து வைக்க முடியாது. சேனல் மட்டும் வழக்கமான நிகழ்ச்சிக்குத் திரும்பிவிட்டு மாலை 5 மணி வாக்கில் வரும். மாலையில் கவனிக்க வேண்டியது, அர்த்தநாரீஸ்வரர் வெளியே வருவது ஓரிரு நிமிடம்தான், உடனே மலையில் தீபம். ஒரு கேமரா கோயிலுக்குள், ஒன்று மலையைப் பார்த்து. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டத் தெரியாவிட்டால் ஒன்று போய்விடும். மழையும் மேகமும் இருந்தால் மலைக் கேமராவில் வெறும் வெள்ளை, அப்போது இருப்பில் உள்ள பழைய தீபக் காட்சியைப் போட்டு ஒப்பேற்றாமல், மேகத்தையே காட்டுவதுதான் நேர்மை.

தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் பக்தி நேரத்தைச் சுருக்கிடறாங்களே? பண்டிகை நாள்ல அதிகமில்ல காட்டணும்?

அன்றைக்குத்தான் காலை நேரத்தின் விலை ஏறுகிறது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வீடே ஒன்றாக உட்காரும், எனவே மங்கல இசையும் ஒரு ஆசியுரையும் முடிந்ததும் பட்டிமன்றம், நட்சத்திரப் பேட்டி, புதுப்படம். கோயில் விழாவில் கோயில் நேரத்துக்குச் சேனல் வளைகிறது, வீட்டுப் பண்டிகையில் விளம்பரதாரர் நேரத்துக்கு வளைகிறது. எனக்கு இதில் வருத்தம்தான், ஆனால் இந்தக் கணக்கு மாறும் என்று தோன்றவில்லை.

ரம்ஜான், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளுக்கும் இதே முறைதானா?

ரம்ஜானில் சஹர் நேர நிகழ்ச்சி ஃபஜ்ருக்கு முன்பே முடிந்தாக வேண்டும். நோன்பு வைப்பவர் சாப்பிட்டு முடித்து எழுவதற்குள் பயான் முடியாவிட்டால் பயனில்லை. பிறை தெரிந்த அறிவிப்பு இரவில்தான் வரும், அதனால் முதல் நாளுக்கும் பெருநாளுக்கும் இரண்டு அட்டவணை தயாராக இருக்கும், அறிவிப்பைப் பார்த்து ஒன்றை ஏற்றுவார்கள். மாதம் 29 நாளில் முடிந்தால் 30-ஆம் பகுதி நின்றுபோகும். மார்கழித் தலைவலியேதான், ஆனால் அங்கே ஒரு வருஷம் முன்பே தெரிந்துவிடும், இங்கே ஒரே இரவு.

கிறிஸ்துமஸ் எளிது. தேதி மாறாது, நள்ளிரவுத் திருப்பலி நேரமும் நிலையானது. வேளாங்கண்ணியும் அப்படித்தான், ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா.

காலையில ரத்தினக்கல், எந்திரத் தகடு பத்திச் சொல்றதும் பக்தி நிகழ்ச்சிதானா?

இல்லை. அது காசு கொடுத்து வாங்கிய நேரம். திரையில் போன் நம்பர் முழுநேரமும் நின்றாலோ, ஓரத்தில் ‘விளம்பரதாரர் நிகழ்ச்சி’ என்று சின்னதாக இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். மூடநம்பிக்கையை வளர்க்கும் நிகழ்ச்சி கூடாது என்று அதே 1994 விதிகளில் இருக்கிறது. பக்தி நிகழ்ச்சி முடிந்த கையோடு, அதே மாதிரி பின்னணி இசையோடு இதை ஒட்டி வைப்பது வேண்டுமென்றே செய்யும் வேலை. வீட்டில் பெரியவர்கள் தனியாக டிவி பார்த்தால் இந்த வித்தியாசத்தைச் சொல்லி வையுங்கள்.

நேரலை எத்தனை மணிக்குன்னு உறுதியாத் தெரிஞ்சுக்க எதைப் பார்க்கணும்?

செட்டாப் பாக்ஸில் வரும் நிகழ்ச்சிப் பட்டியலை நம்ப வேண்டாம். அது பல நாள் முன்பே அனுப்பப்படுவது, கடைசி நேர மாற்றம் அதில் ஏறாமலே போகலாம். முதல் நாள் இரவு சேனலில் கீழே ஓடும் ஸ்க்ரோலைப் பாருங்கள், மாற்றம் இருந்தால் முதலில் அங்கேதான் வரும். அதைவிடச் சுலபம், கோயில் அறிவித்த நேரத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே சேனலைப் போட்டுவிடுவது.